பத்து மாதக் குழந்தை, இரண்டு காதும் கேட்கவில்லை: பேச்சா, சைகையா, இரண்டுமா?

தேன்மொழி: மகளுக்குப் பத்து மாதம். காதில் சத்தம் கொடுத்து மூளைக்குப் போகும் அலையைப் பார்க்கும் பெரா டெஸ்டில் 90 டெசிபல் வைத்தும் இரண்டு காதிலும் அலை வரவில்லை. ஹியரிங் எய்ட் மாட்டி ஐந்து வாரம், அடுத்தது ஆபரேஷன் செய்து உள்காதில் கருவி வைக்கும் காக்ளியர் இம்பிளான்ட் என்கிறார்கள். தெரபிஸ்ட் "சைகை காட்டினால் பேச்சு வராது" என்கிறார். சைகை மொழி தெரிந்த தோழியோ "இன்றே ஆரம்பி" என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

கரிகாலன்: தெரபிஸ்ட் பேச்சைத்தான். என் மகனுக்கு 11 மாதத்தில் ஆபரேஷன். ஒரு சைகைகூடக் காட்டவில்லை. இப்போது ஆறு வயது, வாயை மூட வைப்பதுதான் பெரும்பாடு. மூளையில் கேட்கும் பகுதி சும்மா கிடந்தால் பார்வை வந்து உட்கார்ந்துகொள்ளும், சைகை காட்டுவது அதற்கு நாமே பட்டா எழுதிக் கொடுப்பது மாதிரி.

இளங்கோ: எங்கள் அப்பாவுக்கு 62 வயதில் காது போனது. உதட்டைப் பார்த்தே சமாளிக்கிறார். குழந்தைக்கும் அதைப் பழக்கலாமே?

நிலா (ஆடியாலஜிஸ்ட்): இளங்கோ, உங்கள் அப்பாவுக்கு மொழி முன்பே உள்ளே இருக்கிறது, உதட்டைப் பார்த்து மீதியை ஊகிக்கிறார். மொழியே இல்லாத குழந்தை எதை வைத்து ஊகிக்கும்?

கரிகாலன் சொல்வது பாதி சரி. அந்தப் பகுதி வேறு வேலைக்குப் போவது முக்கியமாக ஒலி போய்ச் சேராததால்தான், சைகையே பார்க்காத குழந்தைக்கும் அது நடக்கும். அதனால் ஆபரேஷனைத் தள்ளக் கூடாது என்பதில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், தேன்மொழி. ஸ்கேன், தடுப்பூசி எல்லாம் முடிந்து 13 மாதத்தில் ஆபரேஷன் என்று வைப்போம். புண் ஆறி மெஷினை ஆன் செய்ய இன்னும் இரண்டு முதல் நான்கு வாரம். அன்றைக்குத்தான் அவளுடைய காதுக்குப் பிறந்தநாள். அதற்கப்புறம் ஒழுங்காகப் பேச்சு வர ஒரு வருடம் ஆகலாம், அதற்குள் இரண்டு வயது தாண்டிவிடும். அதுவரை "பால் வேண்டும்", "அப்பா எங்கே" என்பதையெல்லாம் அவள் எந்த மொழியில் நினைப்பாள்?

கரிகாலன்: 2017-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஆய்வில் சைகை இல்லாத பிள்ளைகள்தான் நன்றாகப் பேசினார்கள். அதற்கென்ன பதில்?

நிலா: வந்தது உண்மை. ஆனால் "சைகை உண்டு" என்ற அந்தக் கூட்டத்தில் முழு மொழியாகப் பழகியவர்களும் பேச்சோடு நாலு சைகை சேர்த்தவர்களும் கலந்திருந்தார்கள். பேச்சு வராத பிள்ளைக்குத்தானே வீட்டில் சைகையை விடாமல் வைத்திருப்பார்கள்? எது காரணம், எது விளைவு என்று அதிலிருந்து பிரிக்க முடியாது.

யாழினி: எங்கள் கதை கரிகாலன் வீட்டுக் கதை இல்லை. மகனுக்கு எம்ஆர்ஐயில் கேட்கும் நரம்பு ரொம்ப மெலிசு என்று இருந்தது, அதை யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு சத்தத்துக்குத் திரும்பினான், நாங்களும் கேட்கிறது என்று குதித்தோம். சத்தம் தெரிவது வேறு, சொல் பிரிந்து தெரிவது வேறு என்று அப்போது புரியவில்லை. "இன்னும் ஆறு மாதம் பாருங்கள்" என்று நான்கு தடவை சொன்னார்கள், நான்கு வயதில் அவனிடம் இருந்தது ஒன்பது வார்த்தை. அப்புறம்தான் சைகை மொழிக்குப் போனோம். ஒரு வருடத்துக்குள் "ஏன்" என்று கேட்டான், அதுவரை அவன் எதையுமே ஏன் என்று கேட்டதில்லை.

தேன்மொழி: பயமாக இருக்கிறது. பேசிக்கொண்டே சைகையும் காட்டினால் இரண்டும் வந்துவிடாதா?

நிலா: அதை நீங்களே வீடியோ எடுத்துப் பாருங்கள். வாய் முழு வாக்கியம் சொல்லும், கை பாதியை விட்டுவிடும். சைகை மொழிக்குத் தனி இலக்கணம், தமிழ் வாக்கியத்தோடு ஒட்டி ஓடாது. நேரம் பிரித்துக்கொள்வது நல்லது. குளிக்கும்போதும் தூங்கப் போகும்போதும் மெஷின் கழற்றியிருக்கும், அப்போது சைகை மட்டும். மாட்டியிருக்கும்போது பேச்சு.

எம்ஆர்ஐயில் நரம்பு எப்படி என்று வாய் திறந்து கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் மெஷினில் பதிவாகும் அணிந்த நேரத்தையும் கேளுங்கள், நாளுக்கு மூன்று மணி நேரம்தான் என்றால் குறை நீங்கள் எடுத்த வழியில் இல்லை, அணியும் நேரத்தில்தான். நோட்டுப் புத்தகத்தில் அவளுக்குப் புரியும் சொற்களை எழுதுங்கள், காதால் புரிந்தது ஒரு பக்கம், கண்ணால் புரிந்தது மறுபக்கம். நாள் முழுக்க அணிந்தும் ஆறு மாதத்தில் காதுப் பக்கம் நகரவில்லை என்றால், "இன்னும் ஆறு மாதம்" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கரிகாலன்: நோட்டு சரி. ஆனால் சைகையை யார் சொல்லித்தருவது? யூடியூப் பார்த்து நாற்பது சைகை கற்ற பெற்றோர் காட்டுவது ஒரு மொழியா?

நிலா: இல்லைதான். காது கேளாத பெரியவர் யாராவது வாரம் இரண்டு தடவை வந்து அவளோடு விளையாட வேண்டும். அப்படி ஆள் கிடைக்காத வீட்டுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

தேன்மொழி: தோழியின் அண்ணிக்குக் காது கேட்காது. கேட்டுப் பார்க்கிறேன். எம்ஆர்ஐ வியாழக்கிழமை.