நிரப்பு எண்ணலா, எச்ச எண்ணலா? ஒரு சொல் வேண்டும்

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதினோராம் வகுப்புக்கான பயிற்சி ஏடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். அதில் ஒரு கணக்கு: 7 ஆண்கள், 5 பெண்களிலிருந்து நால்வர் குழு அமைக்க வேண்டும், குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். பெண் ஒருவர், இருவர், மூவர், நால்வர் என்று பிரித்துக் கூட்டினால் 175 + 210 + 70 + 5 = 460. அப்படிச் செய்யாமல், மொத்தக் குழுக்கள் 495இலிருந்து ஆண்கள் மட்டுமே உள்ள 35 குழுக்களைக் கழித்தாலும் அதே 460 கிடைக்கிறது. ‘காம்ப்ளிமெண்டரி கவுண்டிங்’ எனப்படும் இந்த இரண்டாம் வழிக்கு நான் ‘நிரப்பு எண்ணல்’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் பக்க ஓரத்தில், “எதை நிரப்புகிறோம்?” என்று பென்சிலால் கேட்டிருக்கிறார். எனக்கு விடை தெரியவில்லை.

திருமாறன் எழுதியது:

அம்மையீர், அவர் கேட்டது நியாயமே. நிரப்புக் கோணம் 90 பாகையை நிரப்புகிறது; இங்கே நாம் எதையும் நிரப்பவில்லை, விலக்க வேண்டியதை விலக்கி எஞ்சியதைக் கொள்கிறோம். எஞ்சு என்னும் வினையிலிருந்து வந்த ‘எச்சம்’ இருக்க, வேறு சொல் எதற்கு? ‘எச்ச எண்ணல்’ என்க. இதற்கு இலக்கணமே சான்று. முற்றும்மை சிலவிடத்து எச்சப்பொருளும் தரும் என்பது நன்னூல். ‘எல்லாரும் வந்திலர்’ என்றால் ஒருவரும் வரவில்லை என்று மட்டுமன்று, சிலர் வந்தனர் என்றும் பொருள்படும். அவ்வாறே ‘எல்லாரும் ஆண்களல்லர்’ என்ற தொடரை எச்சப்பொருளில் கொண்டால், ‘ஒரு பெண்ணாவது உண்டு’ என்பதே அதன் கருத்து. நீங்கள் கழிக்கும் 35 குழுக்கள் ‘எல்லாரும் ஆண்கள்’ என்னும் முற்று. மீதி 460 அதன் எச்சம்.

பொன்மலர் எழுதியது:

ஐயாவின் விளக்கம் அழகுதான். ஆனால் வகுப்பில் ‘எச்சம்’ என்றதும் கடைசி வரிசை காகத்தை நினைத்துச் சிரிக்கும். பாதி பாடவேளை அதிலேயே போய்விடும். பிள்ளைகளின் உண்மையான பிழை வேறு. முதலில் 5 பெண்களில் ஒருவரை எடுத்துவிட்டு, மீதமுள்ள 11 பேரில் மூவரை 165 வழிகளில் எடுத்து, 5 × 165 = 825 என்று எழுதுவார்கள். மொத்தமே 495 குழுக்கள் என்பதால் விடை தவறு என்று உடனே தெரிந்துவிடும். ஏன் தவறு என்பதுதான் தெரியாது. கமலாவும் மேரியும் உள்ள குழு, கமலாவை முதலில் எடுத்தபோது ஒரு முறையும் மேரியை முதலில் எடுத்தபோது இன்னொரு முறையும் எண்ணப்பட்டிருக்கிறது. நான்கு பெண்கள் உள்ள குழுவோ நான்கு முறை வந்துவிடும். ‘கழித்தெண்ணல்’ என்று பெயர் வைத்தால் செய்ய வேண்டியது பெயரிலேயே இருக்கும்.

இராசு எழுதியது:

‘கழித்தெண்ணல்’ எனக்கும் பிடித்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகக் குழு அமைக்கிறோம். நால்வரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். இந்த 12 பேரிலிருந்தே எடுப்பதானால், பெண்ணே இல்லாத 35ஐக் கழித்து 460 வழிகள் என்று சொல்லிவிடலாம் அல்லவா?

சிவநேசன் எழுதியது:

சொல்ல முடியாது, இராசு. பாதி என்றால் இருவராவது வேண்டும். ஆகவே பெண்ணே இல்லாத 35ஐயும், ஒரே ஒரு பெண் உள்ள 175ஐயும் சேர்த்துக் கழிக்க வேண்டும், 285தான் மிஞ்சும். தலைவர் பெண்ணாகவும் ஓர் உறுப்பினர் வெளியாளாகவும் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்பதை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. ‘கழித்தெண்ணல்’ மீது எனக்குள்ள தயக்கமும் இதுவே: எதைக் கழிப்பது என்று அந்தப் பெயர் சொல்வதில்லை. நிபந்தனையை நிறைவேற்றாத குழுக்கள் அத்தனையும் ஒரு கணம். வேண்டிய குழுக்கள் அதன் நிரப்பி. இரண்டும் சேர்ந்தே 495 நிரம்புகிறது. மெய்ப்புப் பார்த்தவரின் கேள்விக்கு அதுவே விடை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘சேர்மானம்’ என்று படித்ததை நீங்கள் ‘சேர்வு’ என்கிறீர்கள். ‘நிரப்பி’ இரு கரையிலும் விளங்கும்.

திருமாறன் எழுதியது:

நிரம்புவது 495, நாம் எண்ணுவது 460. எண்ணப்படுவதற்கு அன்றோ பெயர் வேண்டும்? காகத்துக்கு அஞ்சினால் வினையெச்சம், பெயரெச்சம் எல்லாவற்றையும் பாடத்திலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.

பொன்மலர் எழுதியது:

அவற்றுக்கும் சிரிக்கத்தான் செய்கிறார்கள், ஐயா.

செல்வி எழுதியது:

நன்றி. தலைப்பில் ‘நிரப்பு எண்ணல்’ என்றே விட்டுவிட்டேன்; முதல் வரியில் ‘வேண்டாதவற்றை எண்ணிக் கழித்தல்’ என்று சேர்த்திருக்கிறேன். 825 என்ற தவறான விடையையும், இராசுவின் 460ஐயும் பயிற்சியில் ‘பிழை காண்க’ என்று கொடுத்துள்ளேன். இராசு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருமாறன் எழுதியது:

என் மறுப்பு நிற்கிறது. பெயரை எப்படியும் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு பெண்ணாவது’ என்பதை மட்டும் அச்சகத்தில் யாரும் ‘குறைந்தபட்சம் ஒரு பெண்’ என்று திருத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.