'கோல்ட் டர்க்கி'க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

தாமரை:
எல்லோருக்கும் வணக்கம். போதை மீட்பு பற்றிய ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், நோயாளியின் வீட்டார் படிப்பதற்கானது. அதில் நாலைந்து இடத்தில் 'கோல்ட் டர்க்கி' வருகிறது, அதாவது பழக்கத்தைக் குறைத்துக் குறைத்து விடாமல் ஒரே நாளில் நிறுத்திவிடுவது. முதல் வரைவில் யாரோ 'குளிர் வான்கோழி முறை' என்றே எழுதிவைத்திருக்கிறார்கள், படித்துவிட்டு அரைமணி நேரம் சிரித்தோம். நல்ல சொல் ஒன்று வேண்டும். வான்கோழி எப்படி இதற்குள் வந்தது என்று தெரிந்தவர்கள் அதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

இளங்கோ:
இது ரொம்ப எளிது தாமரை. ஹெராயினை நிறுத்தியவர்களுக்கு உடம்பு சில்லிட்டு மயிரெல்லாம் குத்திட்டு நிற்கும், பார்த்தால் இறகு பிடுங்கிய வான்கோழியின் தோல் மாதிரியே இருக்கும். அதிலிருந்துதான் பெயர் வந்தது. ஆகவே 'புல்லரிப்பு நிறுத்தம்' என்று வைக்கலாம், படமும் கண்ணுக்குள் நிற்கும்.

ராஜேந்திரன்:
இளங்கோ சொல்லும் விளக்கம் பல இடத்தில் அச்சாகியிருக்கிறது, ஆனால் காலக்கணக்கு உதைக்கிறது. போதைக்கும் இந்தத் தொடருக்கும் முடிச்சுப் போடுவதற்கு முன்பே அமெரிக்கப் பேச்சில் தொடர் இருந்தது. ராபர்ட் சர்வீஸ் என்பவர் கனடாவின் க்ளோண்டைக் பகுதியில் நடந்த தங்கவேட்டையை வைத்து எழுதிய நாவல் 1910இல் வந்தது. அதில் ஒரு ஆள், விடிய விடியச் சீட்டாடி ஐயாயிரம் டாலரைத் தோற்றதைச் சொல்லிவிட்டு, எனக்கு அவர்கள் 'கோல்ட் டர்க்கி' கொடுத்துவிட்டார்கள் என்கிறான். அங்கே புல்லரிப்பும் இல்லை, போதை மருந்தும் இல்லை. ஈவு இரக்கம் பார்க்காமல் நேரே போட்டுத் தாக்கிவிட்டார்கள் என்பதுதான் பொருள்.

இதற்கும் பின்னால் 'டாக் டர்க்கி' என்ற பழைய வழக்கு இருக்கிறது, சுற்றி வளைக்காமல் பேசுவது. 1830களில் அச்சான ஒரு கதையை இதற்கு மூலமாகச் சொல்வார்கள். ஒரு வெள்ளைக்காரனும் ஒரு செவ்விந்தியனும் சேர்ந்து வேட்டையாடினார்களாம், மாட்டியது வான்கோழியும் வல்லூறும். பங்கு பிரிக்கும்போது வெள்ளைக்காரன், "நான் வான்கோழியை எடுத்துக்கிறேன், நீ வல்லூறை எடுத்துக்கோ, இல்லாட்டி நீ வல்லூறை எடுத்துக்கோ, நான் வான்கோழியை எடுத்துக்கிறேன்" என்று பெரிய மனசு பண்ணுகிறான். மற்றவன் சொல்கிறான்: "நீ எனக்கு ஒரு தடவைகூட வான்கோழின்னு சொல்லலையே." கதை சுவையானது, ஆனால் வழக்கு முதலில் வந்து கதை பிறகு கட்டப்பட்டிருக்கலாம் என்பதுதான் என் எண்ணம். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இதே பொருளில் 'டாக் கோல்ட் டர்க்கி' என்றும் பேச ஆரம்பித்தார்கள். கவிஞர் கார்ல் சாண்ட்பர்க் 1922இல் எழுதிய கடிதம் ஒன்றில் புத்தகக் கடைக்காரர்களிடம் அப்படிப் பேசப்போவதாகச் சொல்கிறார்.

பஷீர்:
ஆறிப்போன வான்கோழிக்கறி என்று நினைத்தேன். பண்டிகை முடிந்த மறுநாள் அடுப்பு மூட்டாமல் அப்படியே எடுத்துத் தின்பது, முன்னேற்பாடு எதுவும் கிடையாது. அப்படி இல்லையா சார்?

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். என் மாமனார் தினமும் குடிப்பவர், ஒரு வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டார், அன்றைக்கே நிறுத்தினார். எல்லோருக்கும் சந்தோஷம். ரெண்டு நாள் கழித்து ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. சாமி குத்தம் என்று சொன்னவர்களும் உண்டு. 'மாலை போட்ட நிறுத்தம்' என்று சொன்னால் நம் ஊரில் எல்லோருக்கும் புரியும்!

ராஜேந்திரன்:
ஆறிய கறி விளக்கத்தையும் பலர் சொல்கிறார்கள் பஷீர், அது சும்மா ஊகம்தான்.

போதையை நிறுத்துவது என்ற அர்த்தத்தில் இந்தத் தொடர் அச்சில் வருவது 1921இல், கனடாவின் விக்டோரியா நகரத்து நாளிதழ் ஒன்றில். கார்ல்டன் சைமன் என்ற மருத்துவரின் முன்னால் தாங்களாகவே வந்து சரணடையும் போதையடிமைகளுக்கு 'கோல்ட் டர்க்கி' எனப்படும் சிகிச்சை கொடுக்கப்படுகிறது என்று அது எழுதுகிறது. இந்தச் சைமன் நியூயார்க் போலீஸில் போதைப்பொருள் விவகாரங்களைக் கவனித்தவர்.

ஏன் அந்தக் காலத்தில் என்று கேட்டால் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1914இல் அமெரிக்காவில் போதை மருந்துகளைக் கட்டுப்படுத்தும் ஹாரிசன் சட்டம் வந்தது. அடிமையானவருக்கு அவர் சமாளித்துக்கொள்வதற்காக மட்டும் மார்ஃபீன் எழுதிக்கொடுப்பது மருத்துவத் தொழிலில் சேராது என்று 1919இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மார்ஃபீனை அளவாகக் கொடுத்துவந்த மருத்துவ நிலையங்கள் அடுத்த சில ஆண்டுகளில் மூடப்பட்டன. அதாவது அன்றைக்கு இந்தத் தொடருக்கு, குறைக்கும் அளவும் கிடையாது, வலியைத் தணிக்கும் மருந்தும் கிடையாது, அப்படியே கிட என்று பொருள். அடுத்தவர் ஒருவருக்குச் செய்வது அது. "நான் சிகரெட்டை அப்படி விட்டேன்" என்று தானே மார்தட்டிக்கொள்ளும் பொருள் பின்னால் வந்தது.

நிர்மலா:
நான் போதை மீட்பு வார்டில் நர்ஸ். இளங்கோ தம்பி பெயர்க்காரணத்தில் தவறியிருக்கலாம், அறிகுறியில் தவறவில்லை. ஹெராயின் விட்டவர்களைப் பார்க்கும்போது நாங்கள் கையைத் தடவித்தான் பார்ப்போம், மயிர்க்கூச்செறிப்புக்கு மதிப்பெண்ணே உண்டு. கொட்டாவி, மூக்கொழுகல் என்று ஆரம்பித்து ரெண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணியும். படுத்தி எடுக்கும், ஆனால் வாந்தி பேதியில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் பொதுவாக உயிருக்கு ஆபத்தில்லை.

பஷீர் அண்ணன் சொன்னதுதான் ஆபத்தானது. தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் ரெண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கப்புறம் சிலருக்குக் குழப்பம், சுவரில் பூச்சி ஊர்வதுபோலத் தெரிவது, காய்ச்சல், அடக்க முடியாத நடுக்கம். இதில் உயிரே போகலாம். தூக்க மாத்திரையிலும் அப்படித்தான். ஆகவே தாமரை, என்ன சொல் வைத்தாலும் அது வீரச்செயல் மாதிரி ஒலிக்கக் கூடாது.

தாமரை:
நன்றி அக்கா. 'ஒரேயடியாக நிறுத்துதல்' என்று வைக்கலாமா? ஜனங்கள் "ஒரேயடியா விட்டுட்டேன்" என்றுதானே சொல்கிறார்கள். எதிர்ப்பதமும் கையிலேயே இருக்கிறது, 'படிப்படியாகக் குறைத்தல்'.

இளங்கோ:
கலைச்சொல் என்றால் பெயர்ச்சொல்லாக, சுருக்கமாக வேண்டாமா? 'ஒரேயடி நிறுத்தம்'. புல்லரிப்பை நான் இன்னும் முழுசாக விடவில்லை, அது வேறு. 1921க்கு அப்புறம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அந்தத் தோலும் உதவியிருக்கலாம்.

ராஜேந்திரன்:
உதவியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் 'ஒரேயடி'யில் ஒரு ஓட்டை இருக்கிறது. சட்டென நிறுத்துவது வேறு, துணைமருந்து இல்லாமல் நிறுத்துவது வேறு. 2016இல் பிரிட்டனில் வந்த ஆய்வு ஒன்றில் சிகரெட்டை ஒரே நாளில் விட்டவர்களையும் ரெண்டு வாரம் குறைத்துப் பிறகு விட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். நாலு வாரம் கழித்தும் விட்ட நிலையில் இருந்தவர்கள் முதல் குழுவில் 49 சதவீதம், மற்றதில் 39. 'கோல்ட் டர்க்கி'தான் சிறந்தது என்று செய்திகளில் தலைப்புப் போட்டார்கள். ஆனால் ரெண்டு குழுவுக்குமே துணைமருந்தாகத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டைகள் கொடுக்கப்பட்டிருந்தன! 1921இன் பொருளில் அது 'கோல்ட் டர்க்கி'யே இல்லை. உங்கள் கையேட்டில் எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று பார்த்தீர்களா?

தாமரை:
இப்போதுதான் பார்த்தேன். மூன்று இடத்தில் சட்டென நிறுத்துவது மட்டும், அங்கே 'ஒரேயடியாக நிறுத்துதல்' போடுகிறேன். ஒரு இடத்தில் மருந்துதவி இல்லாமல் என்ற பொருளும் சேர்ந்திருக்கிறது, அங்கே 'மருந்துதவியின்றி ஒரேயடியாக நிறுத்துதல்' என்று நீட்டிவிடுகிறேன். மது பற்றிய பக்கத்தில் முதல் வரியாக இது: "தினமும் குடிப்பவர் மருத்துவரைக் கேட்காமல் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம்." நிர்மலா அக்கா, சரியா?

நிர்மலா:
சரி. அதோடு 'கை நடுக்கம் வந்தால் அன்றைக்கே கூட்டிவாருங்கள்' என்றும் சேர்த்துவிடு.

பஷீர்:
கார்த்திகை மாசத்துக்கு முன்னாடி அச்சாகிவிட்டால் எனக்குப் பத்து பிரதி வேண்டும்.

இளங்கோ:
சொற்பட்டியலில் நான் 'ஒரேயடி நிறுத்தம்' என்றே பதிகிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

ராஜேந்திரன்:
இருக்கிறது. பொருள் ரெண்டு இருக்கும்போது ஒரே பதிவாகப் போடாதீர்கள்.