ரீஸ்டோர் என்பதற்கு எந்தச் சொல்: மீட்டமைப்பா, மீட்டெடுப்பா, மீள்வரவா?

தஞ்சாவூரிலிருந்து, செயலி உருவாக்குபவர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நெல் அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடுபவர்களுக்காக ஓர் ஆண்ட்ராய்டு கணக்குச் செயலியை உருவாக்கி வருகிறேன். யாருடைய வயலில் எத்தனை மா அறுத்தார்கள், பெல்ட் வண்டி போனதா டயர் வண்டி போனதா, எத்தனை மணி நேரம் ஓடியது, பாக்கி எவ்வளவு என்பவை அதில் பதிவாகும். குறுவையில் எழுதிய பாக்கி சம்பா அறுவடை முடிந்த பிறகே கைக்கு வருவதும் உண்டு. ஆகையால் இடையில் உரிமையாளர் புதிய போன் வாங்கினால், பழைய கணக்கு அதில் அப்படியே இருக்க வேண்டும்.

பேக்கப் என்பதற்குக் காப்புப்பிரதி என்றும், ரீஸ்டோர் என்பதற்கு மீட்டமை என்றும் தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். சோதனைக்காகப் பயன்படுத்திய பாபநாசம் பக்கத்து உரிமையாளர் ஒருவர், மீட்டமை என்ற பொத்தானைத் தொடத் தயங்கினார். போனை ரீசெட் செய்யும் இடத்திலும் அதே சொல்லைப் பார்த்திருக்கிறார்; தொட்டால் எல்லாம் அழிந்துவிடுமோ என்பது அவருடைய அச்சம். அழிப்பதற்கும் திரும்பக் கொண்டுவருவதற்கும் ஒரே சொல் இருப்பது சரியல்ல என்று எனக்கும் தோன்றுகிறது. தக்க சொல்லைப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

தம்பிக்கு வாழ்த்து. மீட்டமை என்பது மீண்டும் அமைத்தல் என்ற பொருளையே முதலில் தருகிறது. எனவே அதை ரீசெட்டுக்கே விட்டுவிடலாம். மீட்டெடு என்பது இழந்ததையோ பிறர் கையில் சிக்கியதையோ திரும்பப் பெறுவது. அடகு வைத்த நகையை மீட்கிறோம் என்று சொல்லும்போது ஒரு முயற்சியும் ஒரு விலையும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகின்றன. இங்கே கணக்கு தொலையவில்லை. மேகத்தில் பத்திரமாக இருக்கிறது. பயனர் பொத்தானைத் தொட்டதும் அது இறங்கி வருகிறது. ஆகவே மீள்கொணர் என்ற வினையையும் மீள்கொணர்வு என்ற பெயரையும் முன்மொழிகிறேன்.

மன்னார்குடியிலிருந்து, மருந்துக்கடை நடத்துபவர்

எனக்கும் இதே துன்பம் நேர்ந்தது. புதிய போன் வாங்கியபோது எண்ணையும் மாற்றிக்கொண்டேன். வாடிக்கையாளர்கள் அனுப்பிய மருந்துச் சீட்டுப் படங்களெல்லாம் ஒரு செய்திச் செயலியில் இருந்தன; எதுவும் வரவில்லை. கடைக்காரர் எல்லாம் தானாக வந்துவிடும் என்றுதான் சொன்னார். அந்தப் படங்களை இனி எப்படிப் பெறுவது என்று யாராவது சொல்ல முடியுமா?

திருவாரூரிலிருந்து, ஆண்ட்ராய்டு பொறியாளர்

மருந்துக்கடை ஐயாவுக்கு: அவ்வகைச் செயலிகள் பலவும் தங்கள் காப்பைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன, திரும்பத் தருவதற்குப் பழைய எண்ணையும் பழைய கூகுள் கணக்கையும் கேட்கின்றன. பழைய எண் இன்னும் உங்களிடம் இருந்தால் அந்த எண்ணில் ஒருமுறை பதிவு செய்து பாருங்கள். இது தஞ்சாவூர்த் தம்பி கேட்டதிலிருந்து வேறான ஏற்பாடு என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

பேராசிரியர் ஐயா சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். ஆண்ட்ராய்டு 6 முதல் இருந்துவரும் தானியங்கிக் காப்பில் செயலிக்குள் பொத்தானே கிடையாது. புதிய போனில் அதே கூகுள் கணக்கோடு செயலியை நிறுவும்போது, நிறுவல் முடிந்த பிறகு, பயனர் முதன்முறை திறப்பதற்கு முன்னரே பழைய கோப்புகள் உரிய இடங்களில் வைக்கப்பட்டுவிடுகின்றன. அங்கே யாரும் எதையும் கொணர்வதில்லை. ஆகையால் ஏவல் வினையை விட, நிகழ்ந்துவிட்ட ஒன்றைக் குறிக்கும் பெயர்ச்சொல்லே பொருந்தும். மீள்வரவு என்று சொல்லலாமா?

காப்பு ஏறும் விதத்தையும் சொற்களைத் தேர்வதற்கு முன் கவனிக்க வேண்டும். பயனர் காப்பு வசதியை இயக்கியிருக்க வேண்டும். முந்தைய காப்புக்குப் பின் 24 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். போன் சும்மா கிடக்க வேண்டும். வைஃபை இணைப்பும் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் வண்டி ஓட்டுபவர்கள் பலருக்கு மொபைல் டேட்டாதான் உண்டு, வீட்டில் வைஃபை கிடையாது. போன் அமைப்புகளில் மொபைல் டேட்டாவிலும் காப்பெடுக்க அனுமதிக்காவிட்டால், ஒரு பருவம் முழுவதும் ஒரு காப்பும் ஏறாமலே போகலாம்.

ஒரு செயலிக்கு 25 எம்பி என்ற வரம்பும் உண்டு. தம்பியின் செயலியில் ரசீதுப் படங்கள் இருக்கின்றனவா? ஒரு படம் 2 எம்பி என்று கொண்டால் 13 படங்களில் வரம்பு தாண்டிவிடும். தாண்டினால் படங்களை மட்டும் விட்டுவிட்டுக் கணக்கு ஏறும் என்று எண்ணக் கூடாது, எதுவுமே ஏறாது. பயனருக்கு எந்த அறிவிப்பும் வராது. சில நூறு கேபி அளவேயுள்ள கணக்கு, படங்களின் எடையால் வெளியே நின்றுவிடுகிறது. ஆகையால் காப்புப்பிரதி என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. பிரதி என்றால் உள்ளது உள்ளபடி முழு நகல் என்று மக்கள் கொள்வார்கள். இதுவோ நாம் தேர்ந்து அனுப்பும் ஒரு பகுதி. காப்பு என்ற சொல்லே போதும்.

மயிலாடுதுறையிலிருந்து, இணையதளம் வடிவமைப்பவர்

இவ்வளவு பிரிவுகள் எதற்கு? போனில் உள்ளதும் மேகத்தில் உள்ளதும் ஒன்றாக இருப்பதைத்தான் இரண்டு பக்கத்துக்கும் ஒத்திசைவு என்று ஏற்கெனவே சொல்கிறோம். மக்களுக்கும் பழகிய சொல். அதையே வைத்துவிடலாம்.

திருவாரூரிலிருந்து, பொறியாளர்

பழகிய சொல் என்பது உண்மை. தனிச் சேவையகம் வைத்து இரண்டு போன்களிலும் ஒரே கணக்கைக் காட்டும் செயலிக்கு அது பொருந்தவும் செய்யும். இங்கே பொருந்தாது. ஒத்திசைவில் ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் உடனே அழிகிறது. தானியங்கிக் காப்பு நாளுக்கு ஒருமுறை போவது. கடைசிக் காப்பு மட்டுமே தங்குவது. நிறுவும் வேளையில் மட்டுமே திரும்பி வருவது. ஒத்திசைவு என்று எழுதினால், இன்று மாலை எழுதிய பாக்கியும் புதிய போனில் இருக்கும் என்று உரிமையாளர் நம்பிவிடுவார்.

இன்னொன்றையும் விரிவாகச் சொல்ல வேண்டும். மீள்வரவில் நான் பார்த்த பெரிய கோளாறு, கணக்கு வராமல் போனதல்ல. வரக் கூடாத ஒன்று சேர்ந்து வந்ததுதான். உள்நுழைவுக் குறியீட்டைக் குறியாக்கம் செய்து `session.xml` என்ற கோப்பில் வைத்திருந்த ஒரு செயலியை ஆராய நேர்ந்தது. அதைத் திறக்கும் சாவி `Android Keystore` பெட்டகத்தில் இருந்தது. அந்தச் சாவி எந்நாளும் போனை விட்டு வெளியே போகாது. ஆகவே புதிய போனுக்குப் பூட்டிய கோப்பு வந்தது, சாவி வரவில்லை. செயலி திறந்தவுடன் `AEADBadTagException` என்ற பிழையோடு மூடிக்கொண்டது.

அதற்குப் பின் நடந்ததே வருந்தத்தக்கது. போன் பழுதுபார்ப்பவர், செயலியின் சேமிப்பை அழித்துவிட்டுத் திறக்கச் சொன்னார். செயலி திறந்தது, வந்து சேர்ந்திருந்த கணக்கும் பூட்டிய கோப்போடு சேர்ந்து அழிந்தது. உடனே நீக்கிவிட்டு மறுபடி நிறுவியிருந்தால் காப்பு மீண்டும் வந்திருக்கும். அன்றிரவு வெற்றுக் கணக்கு புதிய காப்பாக ஏறிவிட்டதால், பிறகு நிறுவியபோது வெறுமையே வந்தது. திறந்தவுடன் மூடிக்கொள்வதும், சேமிப்பை அழித்தால் சரியாவதும் சேர்ந்து தென்பட்டால் இந்தக் கோளாறு என்று பெரும்பாலும் ஐயுறலாம்.

ஆண்ட்ராய்டு 12 முதல் இப்படி விலக்கலாம்:

```xml
<data-extraction-rules>
  <cloud-backup>
    <include domain="database" path="."/>
    <include domain="sharedpref" path="."/>
    <exclude domain="sharedpref" path="session.xml"/>
  </cloud-backup>
  <device-transfer>
    <exclude domain="sharedpref" path="session.xml"/>
  </device-transfer>
</data-extraction-rules>
```

மேகக் காப்பில் கணக்கையும் விருப்பங்களையும் மட்டும் சேர்த்திருப்பதால், கோப்புறையில் உள்ள ரசீதுப் படங்கள் போகா. 25 எம்பி வரம்புக்குள் நிற்கலாம். ஆண்ட்ராய்டு 11, அதற்கும் முந்தைய போன்களுக்கு `fullBackupContent` சுட்டும் கோப்பிலும் மேகக் காப்புக்கு எழுதிய இதே சேர்ப்புகளையும் விலக்கையும் எழுத வேண்டும். சோதிக்க இரண்டு போன்கள் தேவையில்லை. செயலியை நீக்கும்போது அதன் சாவியும் அழிவதால் ஒரே போனில் பிழை வெளிப்பட்டுவிடும்:

```
adb shell bmgr backupnow com.example.aruvadai
adb uninstall com.example.aruvadai
adb install app.apk
```

கும்பகோணத்திலிருந்து, பேராசிரியர்

அம்மையாரின் விளக்கத்துக்கு நன்றி. பொத்தான் இல்லை என்றால் மீள்கொணர் என்ற ஏவலுக்கும் அங்கே வேலையில்லை; மீள்வரவை ஏற்கிறேன். நீங்கள் எழுதியதில் மேகக் காப்புக்குப் பக்கத்தில் வேறொரு பகுதியும் தெரிகிறது. பழைய போனிலிருந்து கம்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ நேரே புதிய போனுக்குச் செல்வது அது என்று நினைக்கிறேன். நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பறித்து வயலில் நடுவது போன்ற அந்தச் செயலுக்குப் பெயர்த்துநடவு என்று நம் மண்ணுக்குரிய பெயரையே வைக்கலாமே?

திருவாரூரிலிருந்து, பொறியாளர்

கேட்க இனிமையாக இருக்கிறது, ஐயா. ஆனால் பறித்த நாற்று நாற்றங்காலில் இருப்பதில்லை. இங்கே பழைய போனில் கணக்கு அப்படியே தங்குகிறது. பெயர்த்துநடவு என்று படித்தவர், பழைய போனில் இனி ஒன்றும் இல்லை என்று எண்ணி அதை அப்படியே விற்றுவிடக்கூடும். வாங்கியவர் எல்லாருடைய பாக்கியையும் படிப்பார். நேர்நகல் என்று சொன்னால் இந்த மயக்கம் வராது.

கும்பகோணத்திலிருந்து, பேராசிரியர்

நேர்நகல் சரியான நகல் என்றும் பொருள்படும். அதனால் எனக்கு முழு உடன்பாடில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து, செயலி உருவாக்குபவர்

அனைவருக்கும் நன்றி. என் செயலியில் காப்பு, மீள்வரவு என்ற இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். மீட்டமை என்ற பொத்தானை நீக்குகிறேன். புதிய போனில் முதன்முறை திறக்கும்போது, "உங்கள் கணக்கு இந்தப் போனுக்கு வந்துவிட்டது. கடைசியாகப் பதிவான பாக்கி இந்தத் தேதியுடையது. அதற்குப் பின் எழுதியவற்றைப் பழைய போனில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற வாசகமும், தேதியும் காட்டப்படும். அந்தத் தேதியைக் கணக்கின் கடைசி வரியிலிருந்தே எடுப்பேன். ரசீதுப் படங்கள் மேகக் காப்பில் சேரா என்பதைப் படம் எடுக்கும் திரையிலேயே எழுதிவிடுகிறேன்.

வைஃபை இல்லாதவர்களுக்காக, கணக்கை ஒரே கோப்பாக்கித் தாங்கள் விரும்பும் இடத்தில் வைத்துக்கொள்ளும் வசதியையும் சேர்க்க இருக்கிறேன். அங்கே பயனரே பொத்தானைத் தொட்டுக் கோப்பைத் திரும்ப எடுப்பதால், பேராசிரியர் ஐயாவின் மீள்கொணர் பொருந்தும் என்று நினைக்கிறேன். அது பொத்தானில் அடங்குமா, சோதிப்பவர்கள் படித்தவுடன் புரிந்துகொள்வார்களா என்பதைப் பாபநாசத்தில் கேட்டுவிட்டு எழுதுகிறேன். போனிலிருந்து போனுக்கு நேரே போவதற்கு இப்போதைக்குச் சொல் வைக்கவில்லை. அந்தத் திரை போனுக்குரியது, என் செயலியில் அது இல்லை.