கடைசியில் வைத்த 9 நாளை வாடிக்கையாளர் வெட்டச் சொல்கிறார்: என்ன செய்யலாம்?

வணக்கம். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்தின் உள் அலங்கார வேலையை மேற்பார்வையிடுகிறேன். வயரிங் 10 நாள், ஃபால்ஸ் சீலிங் 8, பெயின்டிங் 6, மரவேலை 12 என்று மேஸ்திரிகள் சொன்னார்கள். மொத்தம் 36. இதில் ஏறக்குறைய பாதி, பயத்தில் சேர்த்த நாட்கள்.

அந்த நாட்கள் மிஞ்சுவதே இல்லை. வயரிங் 7 நாளில் முடிந்தாலும் 10ஆம் நாள்தான் வாய் திறப்பார்கள். முன்பே சொன்னால் அடுத்த வேலையில் நாளைக் குறைத்துவிடுவோம் என்ற பயம், நியாயமானதுதான். தாமதம் மட்டும் தவறாமல் அடுத்தவர் தலையில் விழுகிறது.

அதனால் கிரிட்டிகல் செயின் முறைப்படி நான்கையும் பாதியாக்கி 18 நாள் சங்கிலி போட்டேன். அதில் பாதியான 9 நாளை, யார் தாமதித்தாலும் தாங்கிக்கொள்ளும் பொது பஃபராகக் கடைசியில் வைத்தேன். மொத்தம் 27. பஃபரின் அளவைச் சரிபார்க்க, வெட்டிய 5, 4, 3, 6 நாட்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தாலும் 9க்குச் சற்று மேல்தான் வருகிறது. ஆனால் லிஃப்ட் பழுதாகி எல்லா வேலையும் சேர்ந்து நின்றால், தாமதங்கள் தனித்தனியாக வரும் என்று நம்பும் அந்தக் கணக்கு நிற்காது.

வாடிக்கையாளரோ, "சும்மா கிடக்கும் 9 நாள் எதற்கு?" என்கிறார். அவரிடம் 27ஆம் நாளை மட்டும் சொல்லிவிட்டு, பஃபர் கரையும் வேகத்தை நமக்குள் வைத்துக்கொள்வதா? பெயின்டருக்குத் தேதி கொடுக்காமல், "சீலிங் முடிய 3 நாள் இருக்கும்போது அழைக்கிறேன்" என்றால் ஒப்புக்கொள்வாரா? இங்கே செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.