மீதிப் பணம் கேட்டு எழுதிய மெயில் நீண்டுவிட்டது, எப்படிச் சுருக்குவது?

நாகலூர் தோட்டம்

வணக்கம். ஏற்காட்டில் மூன்று ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறோம். வெளியூர் வியாபாரி ஒருவருக்குக் காப்பி கொடுத்ததில் மீதிப் பணம் இன்னும் வரவில்லை. போனில் கேட்டால், "மெயில் போடுங்கம்மா, அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பிவிடுகிறேன்" என்கிறார்கள். எழுதிப் பார்த்தேன், எனக்கே படிக்க மூச்சு வாங்குகிறது. மரியாதையும் குறையக்கூடாது, காரியமும் நடக்க வேண்டும். அப்படியே கீழே போடுகிறேன்.

> பொருள்: வணக்கம்
>
> ஐயா, நலமா? நான் ஏற்காடு நாகலூரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொன்னபடியே 8 மூட்டை பார்ச்மென்ட் காப்பியை இரவில் பனிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிக் காயவைத்து பிப்ரவரி 12 அன்று வண்டியில் ஏற்றி அனுப்பியதில் ஒன்றரை லட்சம் வந்துவிட்ட நிலையில் மீதி வராததாலும், இரண்டு முறை போன் செய்தும் கேட்டுச் சொல்கிறோம் என்றே சொன்னதாலும், மிளகு பறிக்கிற ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருப்பதாலும் சிரமமாக இருக்கிறது. ஈரப்பதம் அதிகம் என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னார், அதற்குப் பிடித்தம் உண்டா என்று தெரியவில்லை. அடுத்த வருஷத்து விலையும் சொன்னால் நல்லது. தவறாக நினைக்க வேண்டாம். தயவுசெய்து ஆவன செய்யவும்.

அம்மாபேட்டை தறி

அக்கா, இவ்வளவு எதற்கு? ஒரே வரி போதும். "மீதிப் பணத்தை உடனே அனுப்பவும்." நான் நூல் கடைக்காரருக்கு இப்படித்தான் வாட்ஸப்பில் போடுவேன், வேலை நடந்துவிடும்.

ஆத்தூர் மரவள்ளி

மீதி தராதவருக்கு ஏன் மறுபடியும் காப்பி கொடுக்கிறீர்கள்? வேறு ஆளைப் பாருங்கள். எங்கள் பக்கம் கிழங்குக்கும் இதே கதைதான். போன வருஷம் ஆலைக்கு ஏற்றிவிட்ட லோடுக்கு நான்கு மாதம் அலைந்தேன்.

நாகலூர் தோட்டம்

அண்ணா, ஆளை மாற்றுவது அப்புறம். இப்போது இந்த மெயிலைச் சரிசெய்ய வேண்டும்.

சூரமங்கலம் கணக்கு

அம்மா, நான் பதினெட்டு வருஷமாக ஒரு கம்பெனியில் பில் பாஸ் செய்கிற மேஜையில் இருக்கிறேன். இந்த மாதிரி மெயில் எங்களிடம் வந்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். பொருளில் "வணக்கம்" என்று மட்டும் இருந்தால் எந்தப் பில் என்று தெரியாது. திறந்தால் முதலில் தார்ப்பாய் வருகிறது. பணம் என்ற பேச்சு வருவதற்குள் அடுத்த மெயிலுக்குப் போய்விடுவோம். கெட்ட எண்ணம் இல்லை, ஒரு நாளைக்கு நூறு பில் வருகிறது.

உங்கள் மெயிலில் கேள்விகள் மூன்று இருக்கின்றன: மீதி, பிடித்தம், அடுத்த வருஷ விலை. இவை மூன்று பேர் மேஜைக்குப் போகிறவை. மீதியை நான் போடுவேன். ஈரப்பதத்தைச் சரக்கு சோதித்தவர்தான் சொல்ல முடியும். விலையை முதலாளிதான் சொல்வார். மூன்றும் ஒரே மெயிலில் இருந்தால், மற்ற இருவர் பதில் வரட்டும் என்று நானும் ஓரமாக வைத்துவிடுவேன். அதனால் இந்த மெயிலில் மீதியை மட்டும் கேளுங்கள். விலையை இன்னொரு நாள் தனியாகக் கேட்கலாம்.

அடுத்து, நீளம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். "அனுப்பியதில்", "வந்துவிட்ட நிலையில்", "வராததாலும்", "சொன்னதாலும்", "இருப்பதாலும்". நம் மொழியில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. இப்படி எச்சமாகவே கோத்துக்கொண்டு போனால் கேட்க வந்தது வால் நுனியில் போய் நிற்கும். அந்த இடங்களில் வெட்டி முற்றுப்புள்ளி வையுங்கள். "அனுப்பினோம்." "வந்தது." "மீதி வரவில்லை." பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

தறிக்காரத் தம்பி சொன்னதும் பாதி சரிதான். ஆனால் ஒரே வரி என்றால் எந்தப் பில், எவ்வளவு தொகை என்று நான் திரும்பக் கேட்க வேண்டும், அதில் நான்கு நாள் போய்விடும். "உடனே" என்பது தேதி இல்லை. ஏப்ரல் 10 என்றால் அது என் காலண்டரில் ஏறும்.

நாகலூர் தோட்டம்

ஐயா, ரொம்ப நன்றி. பில் எண் 7. 400 கிலோ, கிலோ 500 ரூபாய். மார்ச் 15-க்குள் மீதி தருவதாகப் பேச்சு. கூலி விஷயத்தை எடுத்துவிடலாமா? அதைச் சொன்னால்தான் இரங்குவார்கள் என்று நினைத்தேன்.

சூரமங்கலம் கணக்கு

எடுத்துவிடுங்கள். அது உங்கள் பணம். இரக்கம் கேட்டால் உதவி கேட்பது போல ஆகிவிடும். அதே காரணத்துக்காக "தவறாக நினைக்க வேண்டாம்" வேண்டாம். "ஆவன செய்யவும்" வேண்டவே வேண்டாம். என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லையே. "செலுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றால் மரியாதையும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> பொருள்: பில் எண் 7, மீதி ரூ.50,000, ஏப்ரல் 10-க்குள்
>
> மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.
>
> பில் எண் 7-இல் மீதியுள்ள 50,000 ரூபாயை ஏப்ரல் 10-ஆம் தேதிக்குள் எங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> பிப்ரவரி 12 அன்று 8 மூட்டை, 400 கிலோ பார்ச்மென்ட் காப்பி அனுப்பினோம். கிலோ 500 ரூபாய் வீதம் மொத்தம் 2,00,000 ரூபாய். இதில் 1,50,000 ரூபாய் வந்துவிட்டது, நன்றி. மீதியை மார்ச் 15-க்குள் தருவதாகப் பேசியிருந்தோம்.
>
> பில் நகலும் வங்கி விவரமும் இணைத்துள்ளேன். வேறு ஏதேனும் தேவைப்பட்டால் கீழுள்ள எண்ணில் அழையுங்கள், உடனே தருகிறேன்.
>
> நன்றியுடன்,
> (பெயர், ஊர், கைபேசி எண்)

கேட்பது முதல் பத்தி, கணக்கு இரண்டாவது, காகிதம் மூன்றாவது. கைபேசியில் திறந்தாலும் திரையைத் தள்ளாமல் முதல் பத்தி தெரியும். இணைப்பு உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று அனுப்பும் முன் ஒரு தடவை பாருங்கள். "இணைத்துள்ளேன்" என்று எழுதிவிட்டு இணைக்காமல் விட்ட மெயில் எனக்கு வாரம் இரண்டு வருகிறது.

செவ்வாய்பேட்டை கொலுசு

நன்றாக இருக்கிறது. ஆனால் பிடித்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது வேண்டாமா ஐயா? எங்கள் வெள்ளித் தொழிலில் எடைக் கழிவைப் பேசாமல் விட்டால், ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

சூரமங்கலம் கணக்கு

நாமே எடுத்துக்கொடுத்தால், இல்லாத பிடித்தத்தையும் யோசிக்க ஆரம்பிப்பார்கள் என்பது என் எண்ணம். வாய்ப்பேச்சுதானே, எழுத்தில் எதுவும் வரவில்லையே.

செவ்வாய்பேட்டை கொலுசு

அவர்கள் ஆளே ஈரப்பதம் என்று சொன்ன பிறகு அது இல்லாத விஷயம் ஆகாது. நானாக இருந்தால், "இதுவரை பிடித்தம் எதுவும் எழுத்தில் தெரிவிக்கப்படவில்லை" என்று இரண்டாவது பத்தியில் சேர்ப்பேன்.

நாகலூர் தோட்டம்

இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. அந்த வரியைச் சேர்க்காமலே அனுப்பிவிட்டேன். "நலமா" மட்டும் மனசு கேட்கவில்லை, "வணக்கம்" பக்கத்தில் "நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்" என்று விட்டுவைத்தேன். அவர் அப்பா காலத்திலிருந்து வாங்குகிறவர்.

சூரமங்கலம் கணக்கு

அது இருக்கலாம் அம்மா. ஒரு வரிதானே.

நாகலூர் தோட்டம்

மூன்றாம் நாள் அக்கவுண்ட்ஸிலிருந்தே பதில் வந்தது. பில் நகலில் என் கையெழுத்து இல்லையாம், போட்டு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிவிட்டேன். பிடித்தம் என்ற பேச்சே அதில் இல்லை. பணம் ஏறினால் இங்கே சொல்கிறேன்.