மரப்பயிரா, ஆண்டுப் பயிரா: 12 சதவீத வட்டியில் கழித்துப் பார்க்கும் கணக்கு

வரப்போரம்:
ஓர் ஏக்கரில் மரப்பயிர் வைப்பதா, ஆண்டுதோறும் விதைப்பதையே தொடர்வதா? மரத்துக்கு நடவுச் செலவு 200. முதல் 3 ஆண்டுகள் பராமரிப்பு ஆண்டுக்கு 30. 4ஆம் ஆண்டு முதல் 20ஆம் ஆண்டு வரை நிகர வரவு ஆண்டுக்கு 100. விதைப்புப் பயிரில் ஆண்டுக்கு 40 நிற்கும். எல்லாம் இன்றைய விலையில், ஆயிரங்களில். கடன் வட்டி 12 சதவீதம். பின்னால் வரும் பணத்தை அந்த வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கழித்தால், நிகழ்கால மதிப்பு மரத்துக்கு 235, விதைப்புக்கு 299. மரத்தைக் கைவிடலாமா?

மேட்டுநிலம்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 20 ஆண்டுகளில் மரம் தருவது நிகரமாக 1,410, விதைப்புப் பயிர் தருவது 800. வட்டியைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் மரத்தை நடுங்கள்.

கணக்கர்:
மேட்டுநிலம் ஐயா, 15ஆம் ஆண்டில் வரும் 100-ஐயும் அடுத்த ஆண்டு கைக்கு வரும் 100-ஐயும் ஒரே மதிப்பில் கூட்டினால், எவ்வளவு தாமதமாகக் காய்க்கும் மரமும் வென்றுவிடும். ஆகவே வட்டியைக் கழித்தே ஆக வேண்டும். எந்த வட்டி என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. வங்கி கேட்கும் 12 சதவீதத்துக்குள் பணவீக்கமும் அடங்கியிருக்கிறது. ஆனால் வரவு செலவுகள் 20 ஆண்டுகளுக்கும் இன்றைய விலையிலேயே எழுதப்பட்டுள்ளன. விலை உயராது என்று வரவில் வைத்துக்கொண்டு, விலை உயரும் என்று வட்டியில் வைத்துக்கொண்டால், தொலைவில் வரும் வரவு அளவுக்கு மீறித் தேய்ந்துபோகும். விதைப்புப் பயிரின் வரவு முதல் ஆண்டிலிருந்தே சீராக வருவதால் அதற்கு அடி குறைவு. மரத்தின் வரவெல்லாம் பின்னால் இருப்பதால் பெரிய அடி அதற்குத்தான்.

பணவீக்கம் 5 சதவீதம் என்று கொண்டால், 1.12-ஐ 1.05-ஆல் வகுக்க 1.067 வரும்; அதாவது பணவீக்கம் நீங்கிய உண்மை வட்டி ஏறத்தாழ 6.7 சதவீதம். அதில் கழித்தால் மரத்துக்கு 544, விதைப்புக்கு 435. தீர்ப்பு தலைகீழாகிவிடுகிறது. இரண்டும் சமமாகும் இடம் 9.6 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. உங்கள் உண்மை வட்டி அதற்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

கிணற்றடி:
கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் கடன் தவணையை உண்மை வட்டியில் கட்ட எந்த வங்கியும் விடாது. மரம் வைத்தால் முதல் 3 ஆண்டுகளில் வெளியே போவது 290. விதைத்திருந்தால் வந்திருக்கும் 120-உம் கிடையாது. மொத்தம் 410 துண்டு விழுகிறது. அதை எங்கிருந்து புரட்டுவது? இத்தனை ஆபத்து உள்ள பயிருக்கு 15 சதவீதம் வைத்துக் கழிப்பதே நியாயம்.

கணக்கர்:
410 துண்டு விழும் என்பது உண்மை. அதைத் தாங்க முடியாதவருக்கு 544 என்ற எண் எந்த வகையிலும் உதவாது. ஆனால் கைப்பணத் தட்டுப்பாட்டை வட்டி வீதத்துக்குள் திணித்தால், 18ஆம் ஆண்டின் வரவையும் அது வெட்டும்; தட்டுப்பாடு இருப்பதோ முதல் 3 ஆண்டுகளில்தான். அதற்கு ஆண்டுவாரியான கையிருப்புப் பட்டியல் ஒன்றைத் தனியாகப் போடுங்கள்.

ஆபத்தையும் வரவிலேயே சோதித்துப் பார்க்கலாம். காய்ப்பு 4ஆம் ஆண்டில் தொடங்காமல் 5ஆம் ஆண்டுக்குத் தள்ளிப்போனால், அந்த ஓராண்டில் 100 வராது, பராமரிப்புக்கு இன்னொரு 30 போகும். 6.7 சதவீதத்தில் இந்த 130-இன் இன்றைய மதிப்பு 100. மரத்தின் முன்னிலை 109 ஆக இருந்தது, எஞ்சுவது 9. வட்டியைப் பற்றி நாம் இவ்வளவு வாதிடுகிறோம், ஆனால் நாற்றின் தரமும் முதல் கோடையில் கிடைக்கும் தண்ணீரும் அதே அளவுக்கு முடிவை மாற்றக்கூடியவை.

தோப்புக்காரி:
நான் மரம் வைத்தபோது இடைவெளியில் ஊடுபயிர் போட்டேன். நிழல் விழும் வரை அது பராமரிப்புச் செலவில் பெரும்பகுதியை ஈடுகட்டியது. கேள்வியில் அது இல்லையே?

வரப்போரம்:
போடலாம் அம்மா. ஆண்டுக்கு 20 வரும் என்று வைத்து, முதல் 3 ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்த்தேன். 12 சதவீதத்தில் மரத்தின் மதிப்பு 48 கூடுகிறது. அப்போதும் 16 குறைகிறது. 6.7 சதவீதத்தில் முன்னிலை 160-ஐத் தாண்டுகிறது. துண்டு விழும் தொகையும் 410-இலிருந்து 350 ஆகிறது.

கிணற்றடி:
இன்னொன்றையும் யாரும் எண்ணவில்லை. விலை சரிந்தால் விதைப்பவர் அடுத்த பருவத்திலேயே வேறு பயிருக்கு மாறிவிடுவார். மரம் வைத்தவர் வெட்டினால் நட்ட காசு போச்சு, வைத்திருந்தால் நட்டம். அந்தச் சுதந்திரத்துக்கு என்ன விலை போடுவீர்கள்?

கணக்கர்:
அதற்கு என்னிடம் ஒற்றை எண் இல்லை. காய்ப்பு வந்த பிறகும் நிகர வரவு 100-க்குப் பதிலாக 85 தான் என்றால், 6.7 சதவீதத்திலேயே மரத்தின் மதிப்பு 124 குறைந்து விதைப்புக்குக் கீழே போய்விடும். ஊடுபயிர் இல்லாத கணக்கு இது. அந்த விளைபொருளின் விலை கடந்த ஆண்டுகளில் எவ்வளவு ஏறி இறங்கியது என்பதை வரப்போரம் சொன்னால் மேலே பேசலாம்.

மேட்டுநிலம்:
நான் இன்னமும் 1,410 பக்கம்தான்.