லிவரேஜுக்கு ‘நெம்புமை’ பொருந்துமா? (சுருள்வில் கணக்கோடு)

கயல்விழி:

வணக்கம். ரெக்ரெஷன் பற்றிய பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிவருகிறேன். மூன்று சொற்களில் மாட்டிக்கொண்டேன்: லிவரேஜ், இன்ஃப்ளூயன்ஷியல் பாயிண்ட், ஸ்டாண்டர்டைஸ்டு ரெசிடுவல். முதல் இரண்டுக்கும் ‘தாக்கம்’ என்றே எழுதி வைத்திருந்தேன். வாசித்துப் பார்த்தவர் “இரண்டும் ஒன்றுதானா?” என்று கேட்டுவிட்டார். ஒன்றல்ல என்று சொல்ல இந்த எடுத்துக்காட்டைப் போட்டேன். சுருள்வில்லில் தொங்கவிட்ட எடை `x` (100 கிராம் ஓர் அலகு), வில் நீண்ட தூரம் `y` (மி.மீ.).

```
x <- c(1, 2, 3, 4, 5, 15)
y <- c(2.1, 3.9, 6.2, 7.8, 10.0, 36)
m <- lm(y ~ x)
hatvalues(m)
rstandard(m)
rstudent(m)
cooks.distance(m)
```

என் பரிந்துரைகள்: நெம்புமை, தாக்கப் புள்ளி, திட்ட எச்சம். கடைசிப் புள்ளியை நீக்கலாமா என்று குறிப்பில் ஒரு பத்தி எழுத வேண்டும். அதற்குச் சொல் சரியாக அமையவேண்டும்.

இளங்கோ:

லிவரேஜ் என்றால் கடன் வாங்கி முதலீட்டைப் பெருக்குவதுதானே? வணிகவியலில் அப்படித்தான் படித்தோம். ‘கடன்பெருக்கம்’ என்று வையுங்கள். நெம்புகோல் யாருக்கும் புரியாது.

முருகேசன்:

இளங்கோ தம்பி, இங்கே கடனும் இல்லை, வட்டியும் இல்லை. எனக்கு நெம்புமை பிடித்திருக்கிறது.

ஆனால் புள்ளியை எதற்கு நீக்கவேண்டும்? கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆறு புள்ளிகளுக்கும் சேர்த்து R² 0.997 வருகிறது. அந்த ஆறாவது புள்ளியின் எச்சம் வெறும் 0.41. எடை 5-இல் இருக்கும் நல்ல புள்ளிக்கே எச்சம் −1.0. திட்ட எச்சமும் 1.97தான், 2ஐத் தாண்டவில்லை. கோடு எல்லாவற்றையும் அழகாகத் தொட்டுப் போகிறது. குறை இருப்பதாகத் தெரியவில்லை.

நசீர்:

முருகேசன் ஐயா சொன்ன எண்கள் எல்லாம் சரி. அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

கோடு அந்தப் புள்ளியைத் தொட்டுப் போகவில்லை, அந்தப் புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. சராசரி எடை 5. மற்ற ஐந்தும் அதற்குப் பக்கத்தில் இருக்க, இது 10 அலகு தள்ளி நிற்கிறது. `hatvalues` அதற்கு 0.936 தருகிறது. இந்த மதிப்பு அதிகபட்சம் 1 வரைதான் போகும், ஆறையும் கூட்டினால் 2. மொத்த 2-இல் ஏறக்குறைய பாதியை ஒரே புள்ளி எடுத்துக்கொண்டிருக்கிறது. அதாவது நாம் அங்கே `y`-ஐ 1 மி.மீ. உயர்த்தினால் கோடும் அங்கே 0.936 மி.மீ. உயர்ந்துவிடும். எச்சம் சின்னதாகத்தான் இருக்கும், வேறு வழியே இல்லை.

இதில் `y` எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே இடத்தில் 36-க்குப் பதில் 29.8 வந்திருந்தாலும் நெம்புமை அதே 0.936தான். ஆனால் அப்போது சாய்வு 1.98, அந்தப் புள்ளி இல்லாமல் 1.97. ஒன்றும் மாறவில்லை. 36 என்றால் சாய்வு 2.46 ஆகிறது. முதலாவதில் கோல் நீளமாக இருக்கிறது, ஆனால் யாரும் அழுத்தவில்லை. இரண்டாவதில் அழுத்தியாயிற்று. கயல்விழி கேட்ட வேறுபாடு இதுதான். அதனால் ‘நெம்புமை’ எனக்குச் சரி. கோலின் நீளம் மட்டும் அதில் இருக்கிறது.

அடுத்து 1.97. இந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. `rstandard` தரும் மதிப்பு, புள்ளிகளின் எண்ணிக்கையிலிருந்து 2ஐக் கழித்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டவே முடியாது. ஆறு புள்ளி என்றால் எல்லை 2. ஆறாவது புள்ளி 3600 ஆக இருந்தாலும் 2ஐத் தாண்டாது! காரணம் எளிது: எச்சத்தை எந்தச் சிதறலால் வகுக்கிறோமோ, அந்தச் சிதறலைப் பெருக்கியதும் அதே புள்ளிதான். அந்தப் புள்ளியை வெளியே வைத்துச் சிதறலைக் கணக்கிட்டால், அதாவது `rstudent` கேட்டால், 9.2 வருகிறது.

தேவி:

இந்த இரண்டுக்கும் இரண்டு பெயர் வேண்டும். ஆங்கிலத்திலேயே ஸ்டாண்டர்டைஸ்டு, ஸ்டூடன்டைஸ்டு என்று ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. அந்தக் குழப்பத்தை நாமும் இறக்குமதி செய்ய வேண்டாம். ஸ்டூடன்ட் என்பது புள்ளியியலாளர் கோசெட் வைத்துக்கொண்ட புனைபெயர், அதைத் தமிழில் ‘மாணவ எச்சம்’ என்று பார்த்த கொடுமையும் எனக்கு நேர்ந்திருக்கிறது.

செய்வதையே பெயராக்கலாம்: முதலாவது தன்சேர் எச்சம், இரண்டாவது தன்விலக்கு எச்சம். பெயரைக் கேட்டதுமே எதில் ஏமாறுவோம் என்று தெரிந்துவிடும்.

என்னிடம் 400 வரிசைத் தரவு ஒன்று இருந்தது. 2ஐத் தாண்டிய எல்லாவற்றையும் உடன் வேலை செய்தவர் அழித்துவிட்டார். 400-இல் இருபது புள்ளிகள்வரை ஒரு குறையும் இல்லாமலே தாண்டும். அழித்தபின் மறுபடி ஓட்டினால் புதிதாகச் சில தாண்டும், அவற்றையும் அழித்தார். நானோ மூலத் தாளைத் தேடிப் போனேன். ஒரே ஒரு வரியில் 7.2 என்பது 72 என்று பதிவாகியிருந்தது. அதையும் நீக்கவில்லை, திருத்தினேன்.

முருகேசன்:

நசீர், 2ஐத் தாண்டாது என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் ஆய்வகத்தில் ஐந்தாறு அளவீட்டை வைத்துக்கொண்டு “2க்குள் இருக்கிறது” என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சரி, அப்படியானால் நீக்கிவிடலாமா?

நசீர்:

எண் “போய்ப் பார்” என்றுதான் சொல்லும், “நீக்கு” என்று சொல்லாது. கயல்விழி, அந்த அளவீட்டுக்குப் பிறகு எடையை எடுத்ததும் வில் பழைய நீளத்துக்குத் திரும்பியதா?

கயல்விழி:

திரும்பவில்லை. கொஞ்சம் நீண்டே நின்றுவிட்டது. அதைக் குறிப்பில் எழுதவில்லை, இப்போது எழுதவேண்டும் போலிருக்கிறது.

நசீர்:

அப்படியானால் 36 சரியான அளவீடு. வில் மீள்எல்லையைத் தாண்டிவிட்டது, அங்கே நேர்கோடு பொருந்தாது. தவறு புள்ளியில் இல்லை, ஒரே கோட்டை 15 வரை இழுத்ததில். ஐந்து புள்ளிகளின் கோட்டைக் கொடுங்கள்: சாய்வு 1.97, எடை 1 முதல் 5 வரை மட்டும். ஆறாவதைப் படத்தில் வேறு குறியால் காட்டி, காரணத்தையும், சேர்த்தால் சாய்வு 2.46 ஆகும் என்பதையும் எழுதுங்கள். சத்தமில்லாமல் அழித்துவிட்டு, யாராவது அந்தக் கோட்டை வைத்து 15-க்குக் கணிப்புச் சொன்னால் 29.6 என்பார்கள். வில் தந்தது 36.

கயல்விழி:

நன்றி. நெம்புமை, தன்சேர் எச்சம், தன்விலக்கு எச்சம் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். ‘தாக்கப் புள்ளி’ பற்றி யாரும் பேசவில்லையே?

தேவி:

எனக்கு அது அடிபடும் இடம் மாதிரி ஒலிக்கிறது. ‘செல்வாக்குப் புள்ளி’ என்றால் ஊர்ப் பெரியவர் நினைவுக்கு வருகிறார். ‘சாய்ப்புப் புள்ளி’? கோட்டைச் சாய்க்கிறதே.

நசீர்:

சாய்ப்பது மட்டும் அல்ல, சிலசமயம் கோட்டைச் சாய்க்காமல் அப்படியே மேலே தூக்கும். அதனால் தயங்குகிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 15-இல் இரண்டாம் முறை அளந்து மறுபடி 36 வந்தது என்று வையுங்கள். இப்போது ஏழு புள்ளி, அந்த இரண்டின் நெம்புமையும் தலைக்கு 0.48 ஆகக் குறைந்துவிடும். ஒன்றை நீக்கினால் சாய்வு 2.48-இலிருந்து 2.46, அவ்வளவுதான், மற்றது கோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல பிள்ளைகள். சேர்த்து நீக்கினால்தான் 1.97 தெரியும். ‘புள்ளி’ என்று பெயர் வைத்துவிட்டால் இதை என்னவென்று சொல்வது?

இளங்கோ:

கூட்டுக் கடன்!

கயல்விழி:

இளங்கோ, அது அவ்வளவு மோசமில்லை. ‘கூட்டுத் தாக்கம்’ என்று இப்போதைக்கு எழுதிவைக்கிறேன். புள்ளிக்கு நல்ல சொல் கிடைக்கும்வரை அந்த இடத்தில் கேள்விக்குறி இருக்கட்டும்.